சம்பளம் மாதிரி வந்தாலும் சம்பளம் இல்லை: தவறான ஐடிஆர் படிவமும் 139(9) நோட்டீஸும்

சென்னையில் தனியார் கிளினிக்குகளில் பகுதி நேரமாகப் பார்க்கும் டாக்டர்கள், கம்பெனிகளில் 'கன்சல்டன்ட்' என்ற பெயரில் உட்காரும் இன்ஜினியர்கள் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். கையில் வருவது மாதாமாதம் ஒரே தொகை. ஆகவே "சம்பளம்தானே சார்" என்று சம்பளக்காரர்கள் போடும் வருமான வரி ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1ஐ நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பணம் கொடுத்தவர் அதைச் சம்பளம் என்று வருமான வரித் துறையிடம் சொல்லவில்லை. தொழில்முறைக் கட்டணம் என்று பிரிவு 194ஜேயின் கீழ் 10% டிடிஎஸ் பிடித்திருக்கிறார். ஐடிஆர்-1இல் தொழில் வருமானத்தைக் காட்ட இடமே கிடையாது. டிடிஎஸ் ஒரு தலைப்பில், வருமானம் இன்னொரு தலைப்பில் என்று இருப்பதைப் பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையத்தின் (சிபிசி) கணினி கவனித்துவிட்டால், பிரிவு 139(9)இன் கீழ் 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என்று நோட்டீஸ் வரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவர், இரண்டு கிளினிக்குகளில் கன்சல்டன்ட். 2024-25 நிதியாண்டில் ஒன்றிலிருந்து 9 லட்சம், மற்றதிலிருந்து 3 லட்சம். மொத்தம் 12 லட்சத்துக்கு 1,20,000 டிடிஎஸ். அவர் 2025 ஜூலையில் ஐடிஆர்-1இல் 12 லட்சத்தையும் சம்பளமாகப் போட்டு, 75,000 நிலையான கழிவையும் எடுத்துக்கொண்டார். புதிய வரிமுறையில் 11,25,000க்கு வரி, செஸ் சேர்த்து 71,500. திரும்ப வரவேண்டியது 48,500 என்று திரை காட்டியது. நவம்பரில் நோட்டீஸ் வந்தது.

இவர் எந்தப் படிவத்துக்குப் போக வேண்டும்? மருத்துவத் தொழில் பிரிவு 44ஏடிஏவுக்குள் வருகிறது. மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5%ஐத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) கணக்குப் புத்தகம் இல்லாமலே வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். உண்மை லாபம் பாதிக்கு மேல் என்றால் அந்தக் கூடுதல் தொகையைத்தான் காட்ட வேண்டும். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நம் டாக்டருக்குச் செலவு போக 6 லட்சம் நின்றது என்று வைத்துக்கொள்வோம்.

44ஏடிஏ என்றதும் அதற்கான எளிய படிவமான ஐடிஆர்-4 என்று ஓடுவதுதான் இரண்டாவது தவறு. அந்த ஆண்டு அவர் 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய ஒரு கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டை விற்று 14,000 ரூபாய் லாபம் பார்த்திருந்தார். இத்தகைய ஃபண்டில் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம்தான். குறுகிய கால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-4 செல்லாது. கம்பெனி டைரக்டராக இருந்தாலும், பட்டியலிடப்படாத பங்கு வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆகவே அவருக்குரியது ஐடிஆர்-3. அந்தப் படிவத்திலும் 44ஏடிஏ வருமானத்தைக் காட்ட இடம் உண்டு. முழு லாப நட்டக் கணக்கு தேவையில்லை. மொத்த வருமானம் 6,14,000. அதற்கான வரி 15,700. 7 லட்சத்துக்குள் என்பதால் 87ஏ தள்ளுபடியில் அது முழுதும் போய்விடுகிறது. ஆக 1,20,000 ரூபாயும் திரும்ப வர வேண்டிய பணம்.

நோட்டீஸ் வந்ததும் சிலர் நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பஸ் கட்டணம்தான் தண்டம், பதில் இணையத்தில்தான். மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதை ஒட்டி எட்டு இலக்கப் பிறந்த தேதியும். உள்ளே பிழையின் விளக்கமும், அதைச் சரிசெய்யும் வழியும் இருக்கும். போர்ட்டலில் `Pending Actions` போய் `e-Proceedings` திறந்தால் அதே நோட்டீஸ் தெரியும். பதில் சொல்ல 15 நாள். போதாதென்றால் அந்த நாள் முடிவதற்குள் கூடுதல் அவகாசம் கேட்கலாம்.

அங்கே `Agree`, `Disagree` என்று இரண்டு வழிகள். "எனக்கு இது சம்பளம் மாதிரிதான்" என்று `Disagree` கொடுத்து இரண்டு வரி எழுதுவது வீண் வேலை. உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 194ஜே என்று நிற்கும்வரை அந்த வாதம் எடுபடாது. உண்மையிலேயே நீங்கள் ஊழியர்தான், கிளினிக் தவறான பிரிவில் டிடிஎஸ் பிடித்துவிட்டது என்றால், அவர்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நிலையில் மட்டுமே மறுப்புக்குப் பொருள் உண்டு.

`Agree` கொடுப்பவர்கள் புதிய படிவத்தை நிரப்பி ஜேசான் கோப்பை ஏற்ற வேண்டும். தாக்கல் பிரிவு என்ற இடத்தில் வழக்கமான ரிட்டர்னுக்குரிய 139(1) என்றோ திருத்திய ரிட்டர்னுக்குரிய 139(5) என்றோ போடாமல், 139(9) நோட்டீஸுக்கான பதில் என்று தேர்ந்தெடுங்கள். பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண், அதன் தேதி, நோட்டீஸ் எண், நோட்டீஸ் தேதி நான்கும் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். ஏற்றிய பின் மின்சரிபார்ப்பை அன்றே முடித்துவிடுவது நல்லது. சமர்ப்பித்த பதிலைத் திரும்பப் பெறவோ மாற்றவோ முடியாது என்பதால், கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் இரண்டு கிளினிக் வரவும் 26ஏஎஸ்ஸுடன் பைசா பிசகாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு கிளினிக்கின் வரவு விட்டுப்போனால் அதே குறைபாடுதான் மறுபடியும் வந்து நிற்கும்.

திருத்திய ரிட்டர்ன் போடக் காலம் மீதம் இருந்தால் அதையும் போடலாம் என்று போர்ட்டல் அனுமதிக்கிறது. என் கருத்தில் நோட்டீஸுக்கு நேரடியாகப் பதில் சொல்வதே மேல். திருத்திய ரிட்டர்னைப் போட்டுவிட்டு நோட்டீஸைத் தொங்கலில் விட்டால், பிறகு எது எதற்குப் பதில் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய வரிமுறையில் 80சி கழிவு எடுத்தவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐடிஆர்-1இல் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு டிக் போதும். தொழில் வருமானம் உள்ளவர் ஐடிஆர்-3 அல்லது 4இல் அதைப் பெற, ரிட்டர்னின் உரிய தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ கொடுத்திருக்க வேண்டும். சம்பளக்காரர் என்று நினைத்தவர் அதைக் கொடுத்திருக்கமாட்டார். நோட்டீஸ் வரும்போது தேதி போய்விட்டிருக்கும். புதிய முறைப்படிதான் கணக்குப் போட வேண்டிவரும்.

பதிலே தராவிட்டால் ரிட்டர்ன் செல்லாததாகிவிடும், அதாவது தாக்கலே செய்யாததாகக் கருதப்படும். 15 நாளைத் தாண்டிச் சரிசெய்தாலும், வரி மதிப்பீடு முடியும் முன் என்றால் அதிகாரி மன்னிக்கலாம். அது அவர் விருப்பம். நம் டாக்டரின் ரிட்டர்ன் 2025 டிசம்பர் 31க்கு முன் செல்லாமல் போயிருந்தால், பிரிவு 139(4)இல் தாமத ரிட்டர்ன் போடலாம். வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் போகும். பாக்கி 1,15,000 கிடைக்கும். பங்கு நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக நினைத்தவர்களுக்கு மட்டும் அந்த உரிமை போய்விடும்.

டிசம்பர் 31ம் தாண்டிவிட்டால் மிஞ்சுவது புதுப்பித்த ரிட்டர்ன். அதில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது. ஆகவே இவருக்கு அது உதவாது. இவர் செய்யக்கூடியது, பிரிவு 119(2)(பி)இன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றுதான். 2024 அக்டோபரில் வந்த மத்திய நேரடி வரிகள் வாரியச் சுற்றறிக்கை எண் 11இன்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 1 கோடி வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்வார். மனுவில் தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும்; மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி ஏதாவது. மின்னஞ்சலைப் பார்க்கவில்லை என்று எழுதினால், அது போர்ட்டலில் பதிவுசெய்த அதே முகவரிக்குத்தான் போயிற்று என்ற பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும்.