1500 மீட்டர் நேரத்தை மைல் நேரமாக மாற்றுவது எப்படி?

நம் ஊர் மைதானங்களில் மைல் ஓட்டம் நடப்பது அபூர்வம், நம்மிடம் இருப்பதெல்லாம் 1500 மீட்டர் நேரம்தான். ஆனால் "மைலை ஐந்து நிமிடத்துக்குள் ஓடுவாயா?" என்று யாராவது கேட்டுவிட்டால் கணக்கு போடத் தோன்றும். அதற்கு ஒரு பெருக்கல் போதும். எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் சிக்கல்.

ஒரு உதாரணத்தையே கடைசி வரை வைத்துக்கொள்வோம்: 1500 மீட்டர் 4:38.60, அதாவது 4 நிமிடம் 38.60 விநாடி.

முதலில் எல்லாவற்றையும் விநாடியாக்குங்கள். 4 × 60 = 240, அதோடு 38.60 சேர்த்தால் 278.60 விநாடி. கால்குலேட்டரில் 4.386 என்று அடித்துப் பெருக்கினால் விடை பார்க்க நம்பும்படியாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு. நிமிடத்துக்கு 60 விநாடி, கால்குலேட்டருக்கோ எல்லாம் பத்துப் பத்தாகத்தான் தெரியும்.

அடுத்து 1.08 ஆல் பெருக்குங்கள். 278.60 × 1.08 = 300.888.

மறுபடி நிமிடமாக்குங்கள். 300.888-இல் 60 ஐந்து முறை போகும், மீதி 0.888. ஆக மைல் நேரம் 5:00.89. விநாடி ஒற்றை இலக்கமாக வந்தால் முன்னால் பூஜ்யம் போட மறக்காதீர்கள், 5:0.89 என்று எழுதிவைத்தால் பின்னால் நீங்களே குழம்புவீர்கள்.

வேலை அவ்வளவுதான். ஆனால் 1.08 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதை நம்பக்கூடாது, ஏனென்றால் பலர் இந்த இடத்தில் வேறு ஒரு எண்ணைப் போட்டு, ஐந்து நிமிடத்தை உடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மைல் 1609.344 மீட்டர். அதை 1500 ஆல் வகுத்தால் 1.0729 வரும். நியாயமாகப் பார்த்தால் அதால்தானே பெருக்க வேண்டும் என்று தோன்றும். பெருக்கினால் 298.91 விநாடி, அதாவது 4:58.91. ஐந்து நிமிடத்துக்குள்! ஆனால் இந்தக் கணக்கு சொல்வது என்ன? 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி முடித்தவர், அதே வேகத்தில் இன்னும் 109 மீட்டர் ஓடுவார் என்று சொல்கிறது. அந்த 109 மீட்டருக்குத் தெம்பு மிச்சம் இருந்திருந்தால் அவர் 1500-ஐயே இன்னும் வேகமாக முடித்திருப்பார். தூரம் கூடினால் முதல் சுற்றிலிருந்தே கொஞ்சம் அடக்கி ஓட வேண்டியிருக்கும். 4:38.60 என்பது 400 மீட்டர் சுற்றுக்கு 74.3 விநாடி, மைல் 5:00.89 என்பது சுற்றுக்கு 74.8. அரை விநாடிதான் வித்தியாசம், ஆனால் நான்கு சுற்றுக்கும் சேர்ந்து அது 2 விநாடி ஆகிவிடுகிறது.

பெரிய வீரர்களிடம் இது நிற்கிறதா என்று பார்க்கலாம். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் 2023 ஜூனில் ஃபுளோரன்ஸில் 1500 மீட்டரை 3:49.11-இல் ஓடினார், அடுத்த மாதமே மொனாக்கோவில் மைலை 4:07.64-இல் முடித்தார். இரண்டும் அப்போது உலக சாதனை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.081. மொராக்கோவின் எல் கெரூஜ் 1998-இல் 3:26.00, 1999-இல் மைல் 3:43.13, இரண்டுமே ரோமில். அங்கே 1.083. மைல் பந்தயம் அடிக்கடி நடப்பதில்லை, அதனால் மைல் நேரம் லேசாக மந்தமாக இருப்பது ஆச்சரியமில்லை. எப்படிப் பார்த்தாலும் 1.0729 பக்கம் யாரும் இல்லை.

பீட் ரீகல் என்ற பொறியாளரின் சூத்திரத்தையும் பலர் பயன்படுத்துகிறார்கள், தூர விகிதத்துக்கு 1.06 என்று அடுக்கு போடுவது:

```
T2 = T1 * (1609.344/1500)^1.06
```

நம் உதாரணத்துக்கு இது 5:00.17 தரும். பல தூரங்களுக்கும் பொதுவான சூத்திரம் இது. 1500-க்கும் மைலுக்கும் மட்டும் என்றால் எனக்கு 1.08 தான் பிடிக்கும், மனக்கணக்காகவே போடலாம், ஏமாற்றாமல் கொஞ்சம் கறாராகவும் இருக்கும். எந்த எண்ணால் பெருக்குகிறது என்று காட்டாத இணையக் கால்குலேட்டர்களை நான் தொடுவதில்லை.

நிறையப் பேருடைய நேரத்தை மாற்ற வேண்டும் என்றால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். ஒரு எச்சரிக்கை: எக்செல் கட்டத்தில் 4:38 என்று அடித்தால் அது 4 மணி 38 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கினால் வரும் விடை சரி போலவே தெரியும் (60-க்கு 60 என்பதால்), ஆனால் கடைசி இரண்டு இலக்கம் நூறில் பங்காக இருக்காது, அறுபதில் பங்காக இருக்கும். எதற்கு வம்பு, A-இல் நிமிடம், B-இல் விநாடி என்று தனித்தனியாகப் போடுங்கள். C2-இல்:

```
=ROUND((A2*60+B2)*1.08,2)
```

D2-இல்:

```
=INT(C2/60)&":"&TEXT(MOD(C2,60),"00.00")
```

அந்த ROUND-ஐ எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 299.997 மாதிரி ஒரு எண் வரும்போது 4:60.00 என்று காட்டும்.

தலைகீழாகவும் போடலாம், 1.08 ஆல் வகுத்தால் போதும். மைல் 5:00 வேண்டுமா? 300 ÷ 1.08 = 277.78, அதாவது 1500 மீட்டரில் 4:37.78. நம் உதாரண ஓட்டக்காரருக்கு ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பாக்கி. நான்கு நிமிட மைலுக்கு இதே கணக்கில் 3:42.22.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூன்று வகைக் கேள்விகள் வந்தன.

ஒன்று, 1600 மீட்டர் நேரம். அமெரிக்கப் பள்ளிகளில் மைலுக்குப் பதிலாக ஓடுவது இது, சரியாக நான்கு சுற்று. மைலுக்கு இன்னும் 9.344 மீட்டர்தான் குறைகிறது. இதைப் போய் 1.08 ஆல் பெருக்காதீர்கள், 1.0058 போதும். 5:20 ஓடியவருக்கு மைல் சுமார் 5:21.9.

இரண்டு, மைல் ஓட்டத்தின் நடுவே 1500-ஐக் கடந்த நேரம். அதையும் 1.08 ஆல் பெருக்கக்கூடாது. 1954 ஜூனில் துர்க்குவில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி 1500-ஐ 3:41.8-இல் கடந்து, மைலை 3:58.0-இல் முடித்தார். விகிதம் 1.073 தான், ஏனென்றால் அவர் தொடக்கத்திலிருந்தே மைலுக்கான வேகத்தில் ஓடியவர். 1.08 போட்டிருந்தால் 3:59.5 என்று வந்திருக்கும்.

மூன்றாவது, மெதுவாக ஓடி ஜெயித்த பந்தயம். 2016 ரியோ ஒலிம்பிக் 1500 இறுதியில் மாத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00-இல் தங்கம் வாங்கினார். மாற்றினால் மைல் 4:08.40 வரும். அதே ஆள் முந்தைய வருடம் மொனாக்கோவில் 3:30.40 ஓடியிருக்கிறார், அதை மாற்றினால் 3:47.23. ரியோவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓடி, கடைசிச் சுற்றில்தான் பாய்ந்தார்கள். மாவட்டப் போட்டியில் நீங்களும் அப்படி ஓடியிருந்தால் அந்த நேரத்தை விட்டுவிட்டு, முழு மூச்சாக ஓடிய வேறு ஒரு பந்தயத்தின் நேரத்தை எடுத்துப் பெருக்குங்கள்.