கடைசி வரியில் கவிதை கெடும் இடங்கள்

என் பழைய நோட்டு ஒன்றில் பாதியில் நின்ற கவிதை ஒன்று இருக்கிறது. முதல் ஏழு வரிகள் ஒரே மூச்சில் வந்தன. முடிவு மட்டும் பல மாதங்கள் இழுத்தடித்தது. அந்த ஏழு வரிகள் இவை:

அப்பா கடிகாரத்தை எப்போதும்
ஐந்து நிமிடம் முன்னே வைத்திருப்பார்.
எங்களுக்கு அது தெரியும்.
தெரிந்தும் ஓடுவோம்.
அவர் இறந்த பிறகு ஒரு நாள்
பேட்டரி மாற்ற இறக்கினேன்.
சரியான நேரம் வைத்து மாட்டினேன்.

இதற்கு நான் முதலில் எழுதிய முடிவு இது: "காலத்தைத் திருத்திவிடலாம், / பாசத்தைத் திருத்த முடியுமா?" எழுதிய அன்று எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கவிதை எழுதுகிறவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான் என்பது பிறகு புரிந்தது. ஏழு வரிகள் ஒரு கடிகாரத்தைக் காட்டின. எட்டாவது வரி அந்தக் கடிகாரத்துக்கு உரை எழுதுகிறது. வாசகர் தாமாகவே போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு பெயர்ப்பலகையை நட்டு வைக்கிறது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைசி வரிக்கு முன்னால் 'ஆகவே' என்ற சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள். அது இயல்பாகப் பொருந்தினால் அந்த வரி பெரும்பாலும் தீர்ப்புதான். "சரியான நேரம் வைத்து மாட்டினேன். ஆகவே, காலத்தைத் திருத்திவிடலாம்..." எவ்வளவு சௌகரியமாகப் பொருந்துகிறது பாருங்கள். கேள்விக்குறி போட்டுவிட்டதால் முடிவு திறந்திருக்கிறது என்று நான் அப்போது நம்பினேன். பதில் 'முடியாது' என்று எல்லோருக்கும் தெரிந்த கேள்வி எதையும் திறப்பதில்லை. அது முற்றுப்புள்ளியைவிட இறுக்கமான பூட்டு.

சரி, தீர்ப்பு வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் ஓடினேன். இரண்டாவது முடிவு இப்படி அமைந்தது: "வீடெங்கும் / ஏதோ ஒன்று / மௌனமாக..." மூன்று புள்ளிகளோடு. இது முந்தையதைவிட மோசம். அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று கேட்டால் என்னிடமே பதில் இல்லை. எழுதியவருக்கே தெரியாததை வாசகர் தலையில் கட்டிவிட்டு அதற்குத் திறந்த முடிவு என்று பெயர் வைப்பது பரவலான பழக்கமாகிவிட்டது. பொருளை மூட மறுப்பது ஒரு செயல், பொருளே இல்லாதிருப்பது வேறு. இந்த வேறுபாட்டுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஓர் ஐந்து வரிப் பாடலைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்று இரண்டே வரிகளில் தன் நிலையைச் சொல்லி முடித்துவிடுகிறாள். செய்தி அங்கேயே நிறைவடைந்துவிட்டது. பிறகு ஏன் ஒரு நாரை வருகிறது? தினையின் தாளைப் போலச் சிறிய, பசிய கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் அங்கே இருந்தது என்கிறாள். பாட்டு அங்கே நின்றுவிடுகிறது.

'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாள். அந்த 'உம்' என்ற ஒற்றை இடைச்சொல்லில்தான் பாடல் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்ற சிறு ஆறுதலா? மீனையே பார்த்துக்கொண்டிருந்த பறவைக்கு எங்களைக் கவனிக்க நேரம் ஏது என்ற கசப்பா? அல்லது அசையாமல் நின்று இரைக்காகக் காத்திருந்த அந்தப் பறவை அவனேதானா? மூன்றுமே பாட்டின் சொற்களுக்குள் நிற்கின்றன. எதையும் பாட்டு தேர்ந்தெடுத்துத் தருவதில்லை.

உண்மையான திறந்த முடிவை இங்கிருந்து அடையாளம் காணலாம். அதிலிருந்து இரண்டு மூன்று பொருள்களை எடுத்து வாய்விட்டுச் சொல்ல முடியும். ஒவ்வொன்றுக்கும் பாட்டில் இன்ன சொல் ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்டவும் முடியும். என் 'ஏதோ ஒன்று மௌனமாக' முடிவில் விரல் வைக்க இடமே இல்லை. மங்கலான முடிவில் எண்ணற்ற பொருள்கள் இருப்பதுபோலத் தோன்றும், தேடினால் ஒன்றுகூட அகப்படாது.

இன்னொன்றும் இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது, அதன் ஓசை. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசி அடிக்கு முந்தைய அடி மூன்று சீர்களில் குறுகும், கடைசி அடி மறுபடி நான்கு சீராக நிமிரும், முடிவில் பெரும்பாலும் 'ஏ' வந்து நிற்கும். "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்" என்ற அடியை எண்ணிப் பாருங்கள், மூன்றே சீர். ஓடும் நீரில் பறவை மீனையே பார்த்து நிற்கும் அந்த இடத்தில் பாட்டும் ஒரு கணம் நிற்கிறது. பிறகு 'ஞான்றே' என்று காதில் அழுத்தமாக முடிகிறது. ஆக, ஓசை பாட்டை மூடிவிட்டது, பொருள் மூடவில்லை. இவை இரண்டும் தனித்தனி வேலைகள். வெண்பாவும் இதையே வேறு விதமாகச் செய்கிறது: ஈற்றடி மூன்று சீராகக் குறுகி, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் நிற்கும். கேட்பவருக்குப் பொருள் எட்டாவிட்டாலும் பாட்டு முடிந்தது என்பது தெரிந்துவிடும்.

புதுக்கவிதை எழுதுகிறவர்கள் இந்த வசதியைக் கைவிட்டுவிட்டோம். அதனால் நேரும் தவறு ஒன்று உண்டு: பொருளைத் திறந்து வைக்க விரும்பி ஓசையையும் பாதியில் அறுத்துவிடுவது. அப்போது வாசகர் அடுத்த பக்கம் கிழிந்துபோனதோ என்று புரட்டிப் பார்க்கிறார். பொருள் திறந்திருக்கும்போது வாக்கியமாவது முழுதாக முடியட்டும். ஒரு வினைமுற்று, ஒரு முற்றுப்புள்ளி போதும். மூன்று புள்ளிகளை அழித்து ஒன்றை மட்டும் விட்டுப் பாருங்கள். கவிதை தாங்கினால் அந்த முடிவு உண்மையிலேயே திறந்தது. தாங்காவிட்டால் அதைப் புள்ளிகள்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

இப்படிச் சொன்னதும் மூடிய முடிவு என்றாலே குறை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் தவறுதான். புறநானூற்று 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. அந்த முழுநிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை என்று முதல் இரண்டு அடிகள் சொல்கின்றன. பிறகு:

இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

இதைவிட இறுக்கமாக ஒரு பாட்டை மூட முடியாது. முதலில் தந்தை, குன்று என்று வந்த வரிசை முடிவில் குன்று, தந்தை என்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தால் தந்தை கடைசிச் சீர்களுக்கு வந்துவிடுகிறார், இரண்டாம் அடியில் இருந்த 'எந்தையும் உடையேம்' என்பதற்கு எதிரே 'எந்தையும் இலமே' வந்து உட்கார்கிறது. தொடக்கத்தில் வைத்த பொருள்கள் இரண்டும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன, பாட்டின் கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் இது தீர்ப்பு அன்று. துயரம் என்ற சொல்லோ, போர் கொடியது என்ற கருத்தோ எங்கும் இல்லை. தொடங்கிய வடிவத்தை நிறைவு செய்து மூடுவது ஒன்று, கருத்துச் சொல்லி மூடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கவிதையைக் கெடுக்கிறது.

கடிகாரத்துக்குத் திரும்புகிறேன். மூன்றாவதாக ஒரு திடீர்த் திருப்பத்தை முயன்றேன்: "மாட்டிய கணமே / கடிகாரம் நின்றுவிட்டது." இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. புது பேட்டரி போட்ட கடிகாரம் நிற்பதற்குக் கவிதைக்குள் காரணம் இல்லை, ஆசிரியருக்குத்தான் அதிர்ச்சி தேவைப்பட்டது. இரண்டாவது முறை படிக்கும்போது இதில் எதுவும் மிஞ்சாது.

கடைசியில் இரண்டு முடிவுகள் தேறின. ஒன்று: "அம்மா நாற்காலியில் ஏறி / முள்ளை ஐந்து நிமிடம் முன்னே தள்ளினாள்." இது மூடிய முடிவு. இரண்டாம் வரியில் அப்பா செய்ததை அம்மா திரும்பச் செய்கிறாள், வட்டம் நிறைகிறது. மற்றொன்று: "அம்மா அண்ணாந்து பார்த்தாள். / ஐந்து நிமிடம் பிந்துகிறது என்றாள்." சரியான நேரம் காட்டும் கடிகாரம் அவளுக்குப் பிந்தியதாகத் தெரிகிறது. அது வெறும் பழக்கமா, அப்பாவின் நேரத்தை விட மனமில்லாத பிடிவாதமா, அதை அழித்த என்மீது குற்றச்சாட்டா என்பதைக் கவிதை சொல்லவில்லை.

நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகும் ஏதோ இடறிக்கொண்டே இருந்தது. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "பாவம், அம்மாவுக்கு விஷயம் தெரியாதுபோல" என்றார். குறை முடிவில் இல்லை, மூன்றாம் வரியில் இருந்தது. 'எங்களுக்கு அது தெரியும்' என்றால் அது பிள்ளைகளை மட்டும் குறிப்பதாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் அம்மா சொல்வது அறியாமை ஆகிவிடுகிறது, நான் வைத்த மூன்று பொருள்களும் போய்விடுகின்றன. கபிலர் முதல் சீர்களிலேயே 'யாரும் இல்லை' என்று வைத்ததால்தான் கடைசியில் அந்தக் குருகுக்கு அவ்வளவு கனம். கடைசி வரி வேலை செய்யாதபோது கடைசி வரியையே திரும்பத் திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருப்பதும் ஒரு தவறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முடிவை அப்படியே விட்டுவிட்டு மேலே போய் ஒரு சொல்லைச் சேர்த்தேன்: "அம்மாவுக்கும் எங்களுக்கும் அது தெரியும்."