பட்ஜெட் அட்டவணையைப் படமாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தபோது, அரையாண்டுக் கூட்டத்துக்காக ஒரு பட்டை வரைபடம் தயாரித்தேன். ஒவ்வொரு தலைப்பிலும் ஒதுக்கீட்டைவிடச் செலவு எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று காட்டும் படம். அதைப் பார்த்த தலைமை மருத்துவர், கருவிப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பயிற்சித் தலைப்பில் மிஞ்சியிருக்கும் பணத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இரண்டுமே தவறான முடிவுகள். ஆனால் அவர் படத்தைச் சரியாகத்தான் படித்தார்; தவறு நான் வரைந்த படத்தில் இருந்தது.

அந்த அட்டவணையின் சாரம் இது. எண்களைப் புரிவதற்கு எளிதாக மாற்றியிருக்கிறேன். எல்லாம் லட்சம் ரூபாயில்.

| தலைப்பு | ஒதுக்கீடு | செலவு | வேறுபாடு |
|---|---|---|---|
| சம்பளம் | 270 | 276 | +6 |
| மருந்து, மருத்துவப் பொருட்கள் | 180 | 205 | +25 |
| மின்சாரம், டீசல் | 48 | 51 | +3 |
| கருவிப் பராமரிப்பு | 24 | 38 | +14 |
| பயிற்சி | 18 | 10 | −8 |
| மற்றவை | 60 | 60 | 0 |
| மொத்தம் | 600 | 640 | +40 |

சதவீதத்தில் வரைந்தால் பராமரிப்பு 58 சதவீதம் மேலே எகிறி நிற்கும். பயிற்சி 44 சதவீதம் கீழே தொங்கும். சம்பளம் வெறும் 2 சதவீதம் என்பதால் கண்ணிலேயே படாது. சிறிய தலைப்புகளில் சிறிது மாறினாலும் சதவீதம் பெரிதாகிவிடும் என்பதைக் கணக்கு தெரிந்தவர் தானாகவே கழித்துக்கொண்டு பார்ப்பார். மற்றவர்களுக்கு உயரமான பட்டைதான் பெரிய பிரச்சினை. அதனால் பட்டையின் நீளம் எப்போதும் ரூபாயாக இருக்கட்டும். சதவீதம் வேண்டுமென்றால் பக்கத்தில் சிறிய எழுத்தில் போதும்.

ஒதுக்கீட்டுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என இரண்டு வட்டப் படங்களை அருகருகே வைப்பது இதைவிட மோசம். மேலே உள்ள கணக்கில் சம்பளத்தின் பங்கு 45 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சம்பளச் செலவோ 6 லட்சம் கூடியிருக்கிறது. கூடிய செலவைக் குறைந்ததாகக் காட்டும் படத்தை எந்த வண்ணம் பூசினாலும் காப்பாற்ற முடியாது.

ரூபாயில் வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. பெரிய தவறு வரைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அட்டவணையில் 40 லட்சம் என்று இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே படத்துக்குக் கொண்டுபோகிறோம். அந்த 40 ஒரே வகைப் பணம் அல்ல.

பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் கருவிகளுக்கான ஆண்டு ஒப்பந்தத் தொகை 28 லட்சம். பட்ஜெட்டில் அது பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. பணமோ ஏப்ரலிலேயே மொத்தமாகப் போய்விட்டது. அதில் பாதியான 14 லட்சம் அடுத்த அரையாண்டுக்கு உரியது. ஆகவே கூடுதல் 14 லட்சம் மார்ச்சுக்குள் தானாகவே சரியாகிவிடும். பயிற்சியில் இதன் மறுபக்கம்: செப்டம்பரில் நடக்க வேண்டிய பயிற்சி நவம்பருக்குத் தள்ளிப்போனதால் 8 லட்சம் மிச்சம்போலத் தெரிகிறது. அது செலவாகப்போகிற பணம். கால வேறுபாட்டால் வந்த தொகையைத் தனியே பிரிக்காமல் எந்தப் படமும் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் காப்பீடு, சொத்து வரி, உரிமக் கட்டணம் எல்லாவற்றிலும் இந்தப் பொறி இருக்கிறது. மாதவாரியாகச் செலவைப் பார்த்தால் ஒரே மாதத்தில் குவிந்திருப்பது உடனே தெரியும்.

அடுத்தது மருந்து. ஆறு மாதத்தில் 6,000 உள்நோயாளிகள், ஒருவருக்குச் சராசரி 3,000 ரூபாய் மருந்து என்று வைத்துத்தான் 180 லட்சம் ஒதுக்கப்பட்டது. வந்தவர்கள் 6,600 பேர். கூடுதலாக வந்த 600 பேருக்கு அதே 3,000 ரூபாய் வீதம் 18 லட்சம் ஆகும். அவர்களிடமிருந்து வருமானமும் வந்திருக்கும். அதைக் குற்றமாகக் காட்டுவது நியாயமில்லை. மீதி 7 லட்சம்தான் விலையாலோ பயன்பாட்டாலோ கூடியது. இந்தப் பிரிப்பு, வந்த நோயாளிகளின் வகை பெரிதாக மாறவில்லை என்ற எண்ணத்தில் செய்யப்படுவது. அறுவைச் சிகிச்சைகளின் விகிதம் கூடியிருந்தால் துறைவாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு இப்படி நிற்கிறது: 40 லட்சத்தில் 14 காலத்தால் வந்தது, 18 நோயாளிகள் கூடியதால் வந்தது, 8 லட்சம் பயிற்சிக்காக இனிமேல் போகப்போவது. முதல் இரண்டையும் கழித்து, மூன்றாவதைக் கூட்டினால் 16 லட்சம். நிர்வாகம் உட்கார்ந்து பேச வேண்டிய தொகை இதுதான்: மருந்து 7, சம்பளம் 6, மின்சாரமும் டீசலும் 3.

இதைக் காட்ட வாட்டர்ஃபால் படம் பொருத்தமானது. இடது ஓரத்தில் ஒதுக்கீடு 600, வலது ஓரத்தில் செலவு 640, நடுவில் ஏறி இறங்கும் படிகள். எக்செல் 2016 முதல் இது நேரடியாகக் கிடைக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: கடைசிப் பட்டையையும் எக்செல் இன்னொரு ஏற்றமாக எண்ணி, 640-க்கு மேல் இன்னொரு 640-ஐ அடுக்கிவிடும். அந்தப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து `Set as total` கொடுத்தால் தரையில் வந்து நிற்கும். 600 என்ற பெரிய பட்டைக்குப் பக்கத்தில் 3 லட்சப் படி மெலிந்துபோய்த் தெரிந்தால், ஓரப் பட்டைகளை விட்டுவிட்டு வேறுபாடுகளை மட்டும் தனிப் பட்டை வரைபடமாகப் போடுங்கள்.

சாதாரணப் பட்டை வரைபடத்தில் 600-ஐயும் 640-ஐயும் வைக்கும்போது அச்சைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு எண்களும் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் விடும். அச்சு 580-இல் தொடங்கினால் ஒரு பட்டை 20, மற்றது 60. செலவு மூன்று மடங்கானதுபோலத் தோன்றும். `Format Axis` பகுதியில் `Minimum` மதிப்பை 0 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கூட்டல், கழித்தல் குறிகளும் குழப்பும். செலவில் +6 கெட்ட செய்தி. வருமானத்தில் +6 நல்ல செய்தி. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் குறியை விட்டுவிட்டு "பட்ஜெட்டைவிட அதிகச் செலவு", "பட்ஜெட்டைவிட அதிக வருமானம்" என்று எழுதிவிடுவது நல்லது. சிவப்பு, பச்சையை மட்டும் நம்ப வேண்டாம். கருப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

படத்தின் தலைப்பில் "அரையாண்டு பட்ஜெட், செலவு ஒப்பீடு" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அது கோப்புக்கு ஏற்ற பெயர்; படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அடுத்த முறை தாளின் மேலே நான் எழுதியது இது: "செலவு 40 லட்சம் கூடியிருக்கிறது, அதில் நாம் கவனிக்க வேண்டியது 16 லட்சம்." கீழே ஒரு படம். அதற்கும் கீழே மூன்று வரிகள்: ஒப்பந்தத் தொகை மார்ச்சுக்குள் சரியாகிவிடும். பயிற்சிப் பணம் நவம்பரில் தேவைப்படும், தொட வேண்டாம். சம்பளத்தில் கூடிய 6 லட்சம் இரவுப் பணி ஓவர்டைம். காலியாக உள்ள செவிலியர் இடங்களை நிரப்பும்வரை அது நிற்காது.

அந்தக் கூட்டத்தில் பராமரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைமை மருத்துவர் மூன்றாவது வரியில் விரலை வைத்து, எத்தனை இடங்கள் காலி, எந்த வார்டில் என்று செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்கத் தொடங்கினார்.