கீழ்மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று தாங்கியை உயர்த்தாதீர்கள்

குழாய் வேலை பழகும் இரு தம்பிமார் அண்மையில் ஹட்டனில் ஒரு வீட்டுத் தாங்கிக்குக் கொங்கிறீட் மேடை கட்ட ஆயத்தமாக நின்றதைக் கண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழையும் அதுதான் என்பதால், அதையும் அதோடு சேர்ந்த வேறு இரண்டு பிழைகளையும் பற்றி எழுதுகிறேன்.

தாங்கியை உயர்த்துவது

அன்று நான் போன வீட்டில், தாங்கியின் நீர்மட்டம் கீழ்மாடிச் சமையலறைக் குழாயைவிட 6 மீற்றர் உயரத்தில் இருந்தது. 10 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பார் என்ற கணக்கில் அங்கே 0.6 பார் அழுத்தம் இருக்க வேண்டும். வீட்டுக் குழாய்க்கு அது போதும். ஆனால் 10 லீற்றர் வாளி நிறைய 2 நிமிடம் பிடித்தது. நான் தாங்கியை 1 மீற்றர் உயர்த்தச் சொன்னேன். சீமெந்து, கம்பி, கூலி எல்லாம் முடிந்தபின் அதே வாளி 1 நிமிடம் 50 செக்கனில் நிறைந்தது. அடைப்புள்ள வழியில் ஓட்டம், உயரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது. 6 மீற்றர் 7 ஆனால் கிடைப்பது 8 சதவீதம் மட்டுமே. அதற்காக 1000 லீற்றர் தாங்கியின் ஒரு தொன் பாரத்தை, சரிவில் கட்டிய வீட்டின் தலையில் இன்னும் உயரத்தில் வைத்துவிட்டோம். அந்த வீட்டுக்காரர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அழுத்தம் சரியாக இருக்கிறதா என்பதே. மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூப்பை, குழாயைக் கழற்றிய இடத்தில் இறுக்கமாகப் பொருத்தி, மறுமுனையை வெளிச்சுவர் வழியாகத் தாங்கிவரை கொண்டுபோய், வீட்டின் மற்றக் குழாய்களையெல்லாம் மூடிவிடுங்கள். டியூப்பில் தண்ணீர் மெதுவாகவேனும் தாங்கியின் நீர்மட்டம்வரை ஏறி நின்றால், உயரத்தில் குறையில்லை, வழியில்தான் தடை என்று பொருள். ஏறாமல் கீழேயே நின்றுவிட்டால், குழாய் எங்கோ மேலேறி இறங்கும் வளைவில் காற்று சிக்கியிருக்கலாம், அல்லது வழி முழுதாகவே அடைபட்டிருக்கலாம்.

பிறகு அந்த வீட்டில் இதைச் செய்தபோது தண்ணீர் மட்டம்வரை ஏறியது. தாங்கிக்கு அடியிலிருந்த கேட் வால்வைக் கழற்றினோம். கைப்பிடி முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று, வழியின் பெரும்பகுதியை மறித்தபடி விழுந்து கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு போல் வால்வைப் பூட்டியதும் வாளி 40 செக்கனில் நிறைந்தது.

பெரிய தாங்கி வாங்குவது

அழுத்தத்தைத் தருவது நீர்மட்டத்தின் உயரம், கொள்ளளவு அல்ல.

காற்றுக் குழாய் வைக்காமல் விடுவது

தாங்கி காலியாகி மீண்டும் நிறையும்போது, இறங்கு குழாயில் புகுந்த காற்று வெளியேற வழி வேண்டும். தாங்கியின் வால்வுக்கு அடுத்தபடியாக ஒரு குழாயை மேல்நோக்கி எடுத்து, அதன் வாயைத் தாங்கியின் மூடிக்கு மேலே திறந்தபடி விடுங்கள். வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டினால் இலையும் பூச்சியும் விழாது.