காசநோய் தினப் பேச்சு: ஒரு கோரைச் செடியும் ஒரு சளிக் குப்பியும் போதும்

மார்ச் 24 நெருங்கும்போது சுகாதார நிலையத்தில் கொஞ்சம் பேசித் தரும்படி கேட்பார்கள். திருகோணமலையில் சில வருடங்களாகத் தொண்டராக இந்தப் பேச்சைச் செய்து வருகிறேன். முதல் வருடம் சரியாகப் போகவில்லை. எங்கே தடுக்கியது, பிறகு எப்படி மாற்றினேன் என்பதைப் புதிதாகப் பேசப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கொண்டு போக வேண்டியவை

திரையும் புரொஜெக்டரும் வேண்டாம். கிளினிக்குக்கு வந்தவர்கள் இலக்கம் கூப்பிடும் வரைக்கும்தான் உங்களைக் கேட்பார்கள். 20 நிமிடம் கிடைத்தால் பெரிது. நுரையீரல் அரித்துப்போன படங்களையும் விட்டுவிடுங்கள். பயந்தவர்கள் பரிசோதனைக்கு வருவதில்லை. நான் கொண்டு போவது மூடியுள்ள ஒரு சளிக் குப்பி, குளிசை முடிந்த வெறும் அட்டை ஒன்று, வேரோடு கிண்டிய ஒரு கோரைச் செடி, ஒரு கட்டு துண்டுச்சீட்டு.

2. இருமலைப் பற்றிக் கேட்பது

நான் தடுக்கியது இங்கேதான். “இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உள்ளவர்கள் கை உயர்த்துங்கள்” என்று கேட்டேன். ஒருவரும் உயர்த்தவில்லை. அடுத்த வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா இருக்கும்போது யார் உயர்த்துவார்கள்? வீட்டில் கலியாணத்துக்குப் பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது கேட்பதில்லை. இரண்டு கிழமையோ அதற்கு மேலோ இருமல் நீடித்தால், அது புகையால் வந்தது, தூசியால் வந்தது என்று நாமே முடிவுகட்டாமல் சளியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பின்னேரக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, உடம்பு மெலிதல், சளியில் இரத்தம் ஆகியவை சேர்ந்தால் இன்னும் அவசரம். பிறகு வந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே சீட்டைக் கொடுக்கிறேன். அதில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் எங்கே இருக்கிறது, எந்த நேரம் திறக்கும், பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்ற மூன்று விடயம்தான். எல்லோர் கையிலும் சீட்டு இருப்பதால் யாருக்கு இருமல் என்று யாருக்கும் தெரியாது. “வீட்டில் இருக்கிற அப்பாவுக்கு” என்று இரண்டாவது சீட்டு கேட்டு வாங்குபவர்களும் உண்டு.

3. எப்படித் தொற்றும்

நீளமாகப் பேச வேண்டாம். காலையில் கூரை இடுக்கால் வெயில் விழும்போது அந்தக் கீற்றில் தூசி மிதப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி அதைவிட நுண்ணிய துளிகளில் அப்படித்தான் மிதக்கிறது. யன்னல் பூட்டிய அறையில் மணிக்கணக்காக நிற்கும். காற்றோட்டம் இருந்தால் கலைந்து போகும். கோப்பை, தட்டு, உடுப்பு, கைகுலுக்கல் ஆகியவற்றால் தொற்றாது. இதை இரண்டு தரம் சொல்லுங்கள். பீங்கானைத் தனியாக வைத்துவிட்டு, யன்னலைப் பூட்டிய அறையில் நோயாளியோடு சேர்ந்து படுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

4. குப்பியைக் காட்டுவது

பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கிருமி அகப்படாமல் போகலாம். செய்து காட்டுங்கள்: காலையில் எழும்பியதும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சுக்குள் இருந்து இருமி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, ஆட்கள் இல்லாத பக்கம் நின்று எடுத்து, மூடியை இறுக்க வேண்டும்.

5. ஏன் ஆறு மாதம்

பாதி நேரத்தை இதற்கு வையுங்கள். வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சில கிழமைகளிலேயே காய்ச்சல் விட்டு, சாப்பாடு பிடித்து, இருமல் குறைந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

குச்சவெளிப் பக்கத்து மீனவர் ஒருவரின் கதையை, ஆளை அடையாளம் தெரியாமல் சொல்வேன். இரண்டு மாத முடிவில் அவருக்கு 4 கிலோ கூடியிருந்தது. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. “அப்ப சுகம்தானே” என்று எடுத்துக்கொண்டு, தொழில் தொடங்கியதும் முல்லைத்தீவுப் பக்கம் வாடிக்குப் போய்விட்டார். பையில் இருந்த குளிசை இரண்டு கிழமையில் முடிந்தது. ஐந்தாம் மாதம் இருமல் திரும்பியது, பிறகு இரத்தம்.

நுணுக்குக்காட்டியில் கிருமி தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் “இல்லை” என்றுதான் முடிவு வரும். அவர் கேட்ட “இல்லை” அந்த “இல்லை”.

இந்த இடத்தில் கோரையைக் கையில் எடுங்கள். தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ வயல் செய்கிறவருக்கு விளக்கமே தேவையில்லை. மேலே இருக்கிற புல்லைப் பிடுங்கினால் வரம்பு துப்புரவாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். மழை விழுந்ததும் முளைக்கும். காசநோய்க் கிருமியிலும் வேகமாகப் பெருகுபவை முதல் கிழமைகளில் செத்துவிடும். உறங்கிக் கிடப்பவற்றுக்கு மருந்து இலகுவில் ஏறாது. மிச்ச நான்கு மாதமும் அந்தக் கிழங்குக்குத்தான்.

விட்டுவிட்டுப் போட்டால் இன்னொரு கேடு. கோடிக்கணக்கான கிருமிகளுக்குள் ஏதாவது ஒரு மருந்துக்குச் சாகாத சிலது இயல்பாகவே இருக்கும். ஒன்றுக்குத் தப்பியதை மற்ற மருந்து கொல்வதற்காகத்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒழுங்கு குலைந்தால் தப்பியவை பெருகும். பிறகு வேறு மருந்து தேட வேண்டும், சிகிச்சையும் கடினம். அந்த மீனவரின் சளியை ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற கருவியில் சோதித்தபோது, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கவில்லை. ஆனாலும் முதலிலிருந்து ஆறு மாதம். வீட்டில் இருந்த எல்லோரையும் சோதித்தார்கள். போவதற்கு முன் கிளினிக்கில் ஒரு சொல் சொல்லியிருந்தால், போகிற மாவட்டத்திலேயே மருந்து எடுக்க ஒழுங்கு செய்து கொடுத்திருப்பார்கள். கடலுக்கும் கூலி வேலைக்கும் இடம் மாறுகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதியபோது சிறுநீர் விடயத்தை விட்டுவிட்டேன். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் என்று பயந்து தன் மாமா குளிசையை நிறுத்தியதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அது மருந்தின் நிறம், பயமில்லை. ஆனால் கண் மஞ்சளானால், ஓயாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால், அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மூதூரிலிருந்து ஒரு தம்பி நோன்பைப் பற்றிக் கேட்டிருந்தார். குளிசை வழக்கமாக நாளுக்கு ஒரு தடவைதான். நோன்பு தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பே போய், ஸஹர் நேரத்துக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு பிடிக்க மார்க்கத்தில் இடம் உண்டு. இதைப் பள்ளிவாசல் மௌலவி ஒருவர் சொன்னால் நான் சொல்வதைவிட எடுபடும் என்பதால், கடைசியாகப் பேசியபோது ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன்.