இருவர் மட்டுமே இருந்த கூட்டு நிறுவனத்தில் அப்பாவின் பங்கு: என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சமபங்கில் நடத்திய அரிசி ஆலையில், அப்பா மறைந்த பிறகு எங்களுக்குக் கணக்கு வரவில்லை. வாரிசுச் சான்றிதழைக் காட்டி என்னைப் பங்குதாரராகச் சேர்க்கும்படி கேட்டேன், சித்தப்பா மறுத்துவிட்டார். சட்டப்படி அது அவர் உரிமைதான், ஏனெனில் வாரிசுக்குப் பங்கின் மதிப்பு சேருமே தவிர, பங்குதாரர் என்ற இடம் தானாகச் சேராது.

"பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்" என்ற ஒப்பந்த வரியைச் சித்தப்பா காட்டினார். பாளையங்கோட்டை வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, "மொத்தம் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். இருவரில் ஒருவர் போனால் தனியாளாகக் கூட்டு நிறுவனம் நடத்த முடியாது என்பதால், அந்த வரி இருந்தும் அப்பா இறந்த அன்றே நிறுவனம் கலைந்துவிட்டது. மூவர் இருந்திருந்தால் வரி செல்லும்.

ஆகவே மார்ச் மாத ஐந்தொகையை விட்டு, இறந்த நாளின் நெல் இருப்போடு கணக்கெடுத்தோம். பங்கு 8 லட்சம் வந்தது. தீர்க்காமல் 14 மாதம் ஆலையை ஓட்டியதற்கு, 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எங்கள் பங்கால் விளைந்த லாபத்தையோ நாங்களே தேர்ந்தெடுக்கலாம். வட்டி 56,000, லாபம் 90,000. லாபத்தைக் கேட்டு அறிவிப்பு அனுப்பினோம். வழக்கு என்றால் கலைந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டு. அதற்கு முன்பே சித்தப்பா பணத்தைத் தந்துவிட்டார்.