தமிழ் பிடிஎஃப்புக்கு எழுத்துரு: B பொத்தானை நம்பாதீர்கள்

ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ் மொழி மாதம் தொடங்கினால், நிகழ்ச்சி மலர்கள் வாட்ஸ்அப்பிலும் வரும், அச்சுக்கடைக்கும் போகும். ஆண்டுதோறும் பொறுப்பேற்கும் புதிய தொண்டூழியர்கள் எழுத்துருவில் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கிய படம் ஆகியவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொய்த் தடிப்பு

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். Meera Inimai பார்க்க அழகான எழுத்துரு. ஆனால் ஒரே தடிப்பில்தான் வருகிறது. வேர்டில் B பொத்தானை அழுத்தினால் தடித்த எழுத்து கிடைத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மென்பொருள் மெல்லிய எழுத்தின் விளிம்பில் கோடு பூசி ஊதவைக்கிறது. அந்தக் கோடு உள்பக்கமும் பரவுவதால் சுழிகள் அடைபடுகின்றன. தடித்த எழுத்தை முறையாக வரைபவர் சுழிக்குள் இடம் விட்டுத்தான் வரைவார்.

ஒரு சங்கத்தின் மலரில் நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் இப்படித்தான் வந்தன. ஏ4 தாளில் 11 புள்ளி அளவில் வடிவமைத்திருந்தார்கள். கணினித் திரையில் குறையே தெரியவில்லை. கடைக்காரர் ஏ5-க்குச் சுருக்கியபோது எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போனது. மையும் தாளில் சற்றுப் பரவியது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டன. பணம் கொடுத்தவரே தன் பெயரைத் தேட வேண்டியிருந்தது. மறு அச்சுச் செலவு சங்கத்தின் தலையில்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் மோசம். ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டர். திரையின் அகலம் ஏறத்தாழ 68. பெரிதாக்காமல் பார்த்தால் 11 புள்ளி எழுத்து 4 புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். தொடக்கத்திலேயே ஏ5 பக்கமாக வடிவமைத்தால் ஏறத்தாழ 5 புள்ளி கிடைக்கும். எம்ஆர்டியில் நின்றுகொண்டு படிப்பவருக்கு அதுவும் சிறிதுதான். ஆனாலும் இலேசாகப் பெரிதாக்கினால் போதும்.

பொய்த் தடிப்பைக் கண்டறிவது எளிது. கணினியின் எழுத்துருப் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் கீழ் Bold என்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் B பொத்தானைத் தொடாதீர்கள். தலைப்பை அளவில் பெரிதாக்குங்கள். தடிப்பு வேண்டுமென்றால் Noto Sans Tamil அல்லது Mukta Malar எடுங்கள். இரண்டிலும் தடித்த வடிவம் தனியாகவே வரையப்பட்டிருக்கிறது. பிறகு பிடிஎஃப்பை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, ‘கண்ணன்’ என்ற சொல்லில் சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மிக மெல்லிய தடிப்பு

சுவரொட்டித் தலைப்புக்கு மட்டும்.

வரி இடைவெளி

வேர்டில் Exactly என்று இடைவெளியை இறுக்கினால் ‘கீ’யின் தலையோ ‘ழு’வின் காலோ வெட்டுப்படும். Multiple தேர்ந்தெடுத்து 1.2 அல்லது 1.3 வையுங்கள்.

பாமினி

ஒருங்குறியில் அமையாத பழைய எழுத்துரு இது. அச்சில் குறை தெரியாது. பிடிஎஃப்பில் பெயரைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். வேண்டாம்.